வானத்தில் ஒன்பது நொடி

கல்குவாரியில் வெடி வைத்தபோது கல் எங்கோ பறந்து போய் விழுந்துவிட்டால், மேற்பார்வையாளர் எழுதும் அறிக்கையில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும். "பாறையில் எதிர்பாராத விரிசல் இருந்ததால் கல் சிதறியது." அந்த ஒரு வரியோடு விசாரணை முடிந்துபோகும். கொட்டகைக்காரருக்கு நாலு ஷீட்டுக்குப் பணம் கொடுப்பார்கள். அடுத்த வாரம் அதே முகப்பில் அதே அளவில் மறுபடியும் குழி அடிப்பார்கள்.

அந்த வரி ஒரு காரணமே இல்லை என்பது என் கருத்து. பறந்துபோன கல் ஏதோ ஒரு குழியிலிருந்துதான் கிளம்பியிருக்கும். எந்தக் குழி, அதில் எவ்வளவு மருந்து, அதன் முன்னால் எவ்வளவு பாறை நின்றது என்று சுட்டிக்காட்ட முடிகிற அறிக்கைதான் அறிக்கை. அப்படிச் சுட்டிக்காட்ட விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. டேப், கயிறு, ஒரு கேமரா, அரைநாள் பொறுமை இருந்தால் போதும். இதை விளக்க ஒரு மாதிரி நிகழ்வை எடுத்துக்கொள்கிறேன். எந்த ஒரு குவாரியையும் குறிக்காமல் நானே அமைத்தது இது. ஆனால் இதில் வரும் அளவுகள் கருங்கல் குவாரிகளில் அன்றாடம் புழங்குபவைதான்.

ஒரு சக்கைக்கல் குவாரி. கிரஷருக்குக் கல் அனுப்புவது தொழில். ஜாக்ஹாமரால் 32 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழிகள் அடிக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஒன்றரை மீட்டர் ஆழம். முன்வரிசைக் குழிகள் பாறை முகப்பிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே தள்ளி இருக்க வேண்டும் என்பது திட்டம். ஒரு குழிக்கு 125 கிராம் தோட்டா நான்கு, அதாவது அரை கிலோ மருந்து. நான்கு தோட்டாவும் சேர்ந்து 80 சென்டிமீட்டர் நீளம் பிடிக்கும். மேலே மிஞ்சும் 70 சென்டிமீட்டரை மண்ணும் துளைத்தூளும் போட்டு இடித்து அடைக்கிறார்கள். மதியம் ஒரு மணிக்கு மேல் சங்கு ஊதி, ஆட்களை விலக்கி, வெடித்தார்கள். 380 மீட்டர் தள்ளியிருந்த ஒரு மாட்டுக்கொட்டகையின் சிமெண்ட் ஷீட்டைத் துளைத்துக்கொண்டு ஒரு கல் உள்ளே விழுந்தது. எடை சுமார் மூன்று கிலோ. மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தன. இன்னொரு சிறிய கல் வாசலில் கிடந்தது.

300 மீட்டருக்குள் யாரும் இல்லாமல் பார்த்துக்கொண்டோம் என்று குவாரி தரப்பு சொல்கிறது. அது உண்மைதான். 1961-ஆம் ஆண்டின் உலோகக் கனிமச் சுரங்க ஒழுங்குமுறைகள், வெடிக்கும் இடத்தைச் சுற்றி 300 மீட்டரை அபாயப் பகுதியாக வைத்துக்கொள்ளச் சொல்கின்றன. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளிலும் குடியிருப்புக்கும் கல்குவாரிக்கும் இடையே 300 மீட்டர் என்ற தூரம் வருகிறது. ஆனால் அந்தக் கோடு மனிதர்களுக்காகப் போட்டது. இதற்குள் யாரும் நிற்கக் கூடாது என்பதுதான் அதன் பொருள். இதைத் தாண்டிக் கல் போகாது என்று அது எங்கும் உறுதி சொல்லவில்லை.

கல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. 1970-களில் சுவீடனைச் சேர்ந்த நில்ஸ் லுண்ட்போர்க், குழியின் விட்டத்தை மட்டும் வைத்து, எல்லாமே தப்பாகப் போனால் கல் அதிகபட்சம் எட்டக்கூடிய தூரத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி 32 மில்லிமீட்டர் குழிக்கு ஏறக்குறைய 300 மீட்டர் வருகிறது. பெரிய குவாரிகளில் அடிக்கும் 115 மில்லிமீட்டர் குழிக்கு 700 மீட்டர் வருகிறது. ஜாக்ஹாமர் குழிக்கே விதியின் கோடும் கணக்கின் உச்சமும் ஒட்டி நிற்கின்றன. இடைவெளி என்று எதுவும் இல்லை. நம் கொட்டகைக் கல் அந்த உச்சத்தையும் தாண்டிவிட்டது. அனுபவத்திலிருந்து எடுத்த எந்தச் சூத்திரமும் வேலி ஆகாது என்பதற்கு அதுவே சாட்சி.

இனி அறிக்கை. மேற்பார்வையாளர் முதலில் செய்ய வேண்டியது கொட்டகைக்கு ஓடுவது அல்ல. ஆளுக்குக் காயமில்லை என்று உறுதியானதும், குவாரிக்குள் நிற்கும் பொக்லைனை நிறுத்த வேண்டும். வெடித்த அரை மணி நேரத்தில் டிப்பர் வரிசை வந்து நின்றுவிடும். பொக்லைன் நாலு வாளி அள்ளிவிட்டால், எந்தக் குழி கல்லை எறிந்தது என்பதற்கான தடயம் முழுதும் கிரஷருக்குப் போய்விடும். விசாரணைகள் பாதியில் சாவதற்கு மிகப் பெரிய காரணம் இதுதான். கல் குவியலையும் முகப்பையும் நான்கு திசையிலிருந்தும் படம் எடுத்து முடிக்கும்வரை ஒரு வாளிகூட அள்ளக் கூடாது.

பிறகு கொட்டகை. அங்கே ஷீட்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் பேச்சை முடிக்கத்தான் எல்லாருக்கும் அவசரம் இருக்கும். மாற்றுவதற்கு முன் ஓட்டையை அளக்க வேண்டும். நம் நிகழ்வில், ஓட்டை இருந்த இடத்தில் ஷீட் தரையிலிருந்து மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தது. கீழே சாணம் மெழுகிய தரையில் கல் குத்திய பள்ளம், ஓட்டைக்கு நேர் கீழே இல்லை. 2.6 மீட்டர் தள்ளி இருந்தது. ஓட்டையிலிருந்து பள்ளத்துக்கு ஒரு கயிறு கட்டினால், கல் வந்த சாய்வு அப்படியே தெரியும். சுமார் 49 பாகை. காற்றின் தடையால் கல் கிளம்பிய சாய்வைவிட விழும் சாய்வு கொஞ்சம் செங்குத்தாக இருக்கும். ஆகவே அது ஏறக்குறைய 45 பாகையில் கிளம்பியிருக்க வேண்டும். அதே கயிற்றைக் கூரைக்கு வெளியே அதே நேர்க்கோட்டில் நீட்டிப் பார்த்தால், அது குவாரியின் எந்த மூலையைக் காட்டுகிறது என்பதும் தெரிந்துவிடும். இங்கே அது முகப்பின் வடக்கு ஓரத்தைக் காட்டியது. ஷீட் உடையும்போது கல்லின் போக்கு கொஞ்சம் திரும்பியிருக்கலாம். அதனால் இந்தக் கோடு ஒற்றைக் குழியைக் காட்டாது. நாற்பது குழிகளை ஐந்தாறாகக் குறைத்துக் கொடுக்கும். அதுவே பெரிய உதவி.

45 பாகையில் கிளம்பி 380 மீட்டர் போக வேண்டுமானால், கல் நொடிக்கு 61 மீட்டர் வேகத்தில் புறப்பட்டிருக்க வேண்டும். மணிக்கு 220 கிலோமீட்டர். அது போகும் வழியில் 95 மீட்டர் உயரம் ஏறியிறங்கும். காற்றில் இருக்கும் நேரம் ஏறக்குறைய ஒன்பது நொடி.

அந்த ஒன்பது நொடியைச் சரிபார்க்க ஒரு சாட்சி உண்டு. கொட்டகைக்காரர். அவரிடம் நஷ்டத்தைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். நல்ல மேற்பார்வையாளர் வேறொன்றும் கேட்பார்.

"ஐயா, வெடிச் சத்தம் கேட்ட உடனே கல் விழுந்துச்சா, கொஞ்சம் கழிச்சு விழுந்துச்சா?"

"உடனே இல்லீங்க தம்பி. சத்தம் கேட்டுச்சு, சரி வெடிச்சு முடிஞ்சுதுன்னு நான் திரும்பித் தொட்டிக்குத் தண்ணி திறந்துவிட்டேன். அப்புறம்தான் படார்னு விழுந்துச்சு."

இந்தப் பதிலை அறிக்கையில் அவர் சொன்னபடியே எழுத வேண்டும். அவரை அதே இடத்தில் நிற்கவைத்து, அன்று செய்ததை மறுபடி செய்யச் சொல்லிக் கைக்கடிகாரத்தில் நொடி பார்க்கலாம். சத்தம் 380 மீட்டரைக் கடக்க ஒரு நொடிக்குச் சற்று மேல் ஆகும். ஆகவே சத்தத்துக்கும் கல்லுக்கும் இடையே எட்டு நொடி அளவில் இருந்தால் கயிறு சொன்ன 45 பாகை சரி. நான்கு நொடிதான் என்றால் கல் தாழ்வாக, இன்னும் வேகமாக வந்திருக்கிறது என்று பொருள். அப்போது கயிற்றுக் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

அந்த எட்டு நொடியில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. வெடித்துவிட்டது என்று காது சொன்ன பிறகும் கல் வானத்தில் இருக்கிறது. சத்தம் கேட்டதும் மறைவிலிருந்து தலையை நீட்டுவது மனித இயல்பு. காவலுக்கு நின்ற ஆள் கொடியை இறக்கிப் பைக்காரரைப் போகச் சொல்வதும் அந்த நேரத்தில்தான். புகை அடங்கி, வெடி வைத்தவர் போய்ப் பார்த்து, அபாயம் நீங்கியதற்கான சங்கு ஊதும்வரை யாரும் அசையக் கூடாது என்ற விதியின் காரணங்களில் இதுவும் ஒன்று.

அடுத்து, கல்லையே பார்க்க வேண்டும். விழுந்த கல்லை வேலிக்கு வெளியே வீசிவிடுவது வழக்கம். அது செய்யக் கூடாத காரியம். ஒரு பையில் போட்டு, கிடைத்த இடம், நேரம், எடை எழுதிக் கட்டி வைக்க வேண்டும். பாறையின் மேல்தோல் வெயிலும் மழையும் பட்டுப் பழுப்பேறியிருக்கும், சில இடத்தில் செம்மண் ஒட்டியிருக்கும். விழுந்த கல்லின் ஒரு பக்கம் அப்படி இருந்தால், அது மேல்பரப்பிலிருந்து கிளம்பியது. குழியின் வாய்ப்பக்கம் அடைப்பு போதாமல் மருந்து மேல்நோக்கிக் கிண்ணம்போலப் பெயர்த்திருக்கிறது என்று நினைக்கலாம். எல்லாப் பக்கமும் புதிதாக உடைந்த கருநீல நிறமாக, வாயுக்கரி படிந்த ஒரு முகத்தோடு இருந்தால், அது பாறையின் உள்ளிருந்து, மருந்துக்கு அருகிலிருந்து வந்தது. முகப்பு பிளந்து எறிந்திருக்கிறது. மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. அடைப்பே துப்பாக்கிக் குழலிலிருந்து போவதுபோல் மேலே பறந்து, குழி வாயின் உடைசலையும் இழுத்துக்கொண்டு போகும். அப்போது குவியலில் குழி வாய்கள் உடையாமல் வட்டமாகவே நிற்பதைக் காணலாம்.

நம் கொட்டகைக் கல் எல்லாப் பக்கமும் புதிய உடைப்பு. ஆகவே சந்தேகம் முகப்பின் மேல் திரும்புகிறது. வடக்கு ஓரத்துக்குப் போய்க் குவியலுக்குப் பின்னால் நிற்கும் பாறையைப் பார்த்தால், முன்வரிசையின் ஏழாவது குழி இருந்த இடத்தில் மட்டும் பாறை ஆழமாகக் குடைந்து போயிருக்கிறது. பக்கத்துக் குழிகளின் கல் முகப்பின் காலடியிலேயே குவிந்திருக்க, ஏழாவதின் முன்னால் மட்டும் குவியல் மெலிந்து, கல் வெகுதூரம் விசிறிக் கிடக்கிறது.

ஏன்? விடை முந்தைய வெடியில் இருக்கிறது. போன தடவை வெடித்தபோது முகப்பின் நடுவில் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்து, குகைபோல 55, 60 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழிவு உண்டானது. மேலே நின்று பார்த்தால் அது தெரியாது, விளிம்பு முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். குழி அடித்தவர் விளிம்பிலிருந்து டேப் பிடித்து ஒரு மீட்டர் அளந்து அடித்தார். அவர் அளந்தது சரியான ஒரு மீட்டர்தான். ஆனால் மருந்து உட்கார்ந்த ஆழத்தில், அதன் முன்னால் இருந்த பாறை 40, 45 சென்டிமீட்டர்தான்.

குழிக்கும் முகப்புக்கும் இடையில் நிற்கும் இந்தப் பாறைக் கனத்தைக் குவாரியில் பர்டன் என்பார்கள். மருந்தின் வேலை அதை உடைப்பது. உடைத்த பிறகு மிஞ்சும் சக்தி எறிவதற்குப் போகும். பர்டன் குறைந்தால் உடைக்க வேலை குறைவு, எறிய மிச்சம் அதிகம். எவ்வளவு அதிகம் என்பதைக் கணக்கிட, ரிச்சர்ட்ஸ், மூர் என்ற ஆஸ்திரேலிய வெடிப்பு வல்லுநர்கள் இருவர் தந்த சூத்திரம் இன்று பரவலாகப் பயன்படுகிறது. மருந்து மாறாமல் பர்டன் மட்டும் பாதியானால் கல் போகும் தூரம் இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். இந்தக் கணக்கில் அது ஆறு மடங்கு ஆகிறது.

ஏழாவது குழிக்கு அதைப் போட்டுப் பார்க்கலாம். மீட்டருக்கு 625 கிராம் மருந்து, கடினமான பாறைக்கு உரிய மாறிலி 27. பர்டன் ஒரு மீட்டராக இருந்தால் கல் அதிகபட்சம் 40 மீட்டர் போகும். 45 சென்டிமீட்டர் என்றால் 320 மீட்டர். 40 சென்டிமீட்டர் என்றால் சுமார் 440 மீட்டர். கொட்டகை 380 மீட்டரில் இருக்கிறது. ஐந்து சென்டிமீட்டர் வித்தியாசத்தில் 120 மீட்டர் நீள்கிறது என்பதைக் கவனியுங்கள். வெறும் கண்ணால் முகப்பைப் பார்த்து மதிப்பிடுவதில் ஏன் உயிராபத்து இருக்கிறது என்பது இந்த எண்ணில் தெரிகிறது.

அடைப்பையும் அதே கணக்கில் சோதிக்க வேண்டும். 70 சென்டிமீட்டர் அடைப்பு உண்மையில் இருந்திருந்தால் மேல்நோக்கிப் பெயர்ந்த கல் 100 மீட்டர் அளவில்தான் போயிருக்கும். உண்மையில் இருந்ததா என்பதுதான் கேள்வி. வாங்கிய தோட்டா, போட்ட தோட்டா, திருப்பி மேகசினில் வைத்த தோட்டா மூன்றும் பதிவேட்டில் ஒத்துப்போனால், ஏழாவது குழிக்கு ஐந்தாவது தோட்டா போகவில்லை என்று ஓரளவு நம்பலாம். ஒத்துப்போகவில்லை என்றால் அதையும் மறைக்காமல் எழுத வேண்டும். கல்லின் நிறம், கயிற்றின் திசை, நொடிக்கணக்கு, குடைந்த பாறை, முகப்புக் கணக்கு ஐந்தும் ஒரே குழியைக் காட்டும்போதுதான் "ஏழாவது குழி" என்று அறிக்கையில் எழுதும் தகுதி மேற்பார்வையாளருக்கு வருகிறது. ஒன்று முரண்பட்டால், முரண்படுகிறது என்றே எழுதலாம். அதில் எந்தக் குறையும் இல்லை.

இப்போது அந்தப் பழைய வரிக்குத் திரும்பிப் பாருங்கள். "எதிர்பாராத விரிசல்." முந்தைய வெடியால் உண்டான குழிவு, எல்லாரும் தினமும் கீழே நின்று பார்க்கக்கூடிய இடத்தில், பல நாட்கள் கண்ணெதிரே நின்றது. அதை எதிர்பாராதது என்று எழுதினால், அடுத்த தடவை செய்ய வேண்டியது எதுவுமே இல்லாமல் போகிறது. முன்வரிசைப் பர்டனை மேல்விளிம்பில் மட்டுமே அளந்தோம் என்று எழுதினால், செய்ய வேண்டியது உடனே தெரிந்துவிடுகிறது.

செய்முறை எளிமையானது. விளிம்பிலிருந்து ஒரு நீண்ட கழியை வெளியே நீட்டி, அதன் நுனியிலிருந்து தூக்குக்குண்டு இறக்கி, அரை மீட்டருக்கு ஒரு தடவை கயிற்றுக்கும் முகப்புக்கும் இடையே உள்ள தூரத்தைக் கீழே நிற்பவர் அளக்க வேண்டும். முகப்பின் கீழே நிற்பதால் தளர்ந்த கல் இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பார்த்து அகற்றிவிட வேண்டும். ஒவ்வொரு முன்வரிசைக் குழிக்கும் இப்படி அளந்து எழுதினால், எந்த ஆழத்தில் பாறை மெலிந்திருக்கிறது என்பது மருந்து போடுவதற்கு முன்பே கையில் இருக்கும். மெலிந்த இடத்தில் தோட்டாவுக்குப் பதில் மண் அடைத்து, அதற்குக் கீழே மட்டும் மருந்து வைக்கலாம். மிக மெலிந்திருந்தால் அந்தக் குழியையே விட்டுவிடலாம். விட்டதால் ஒரு பாளம் உடையாமல் நிற்கும், பிரேக்கர் வைத்து உடைக்கக் கூடுதலாகச் சில மணி நேரம் ஆகும். அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளத்தான் முதலாளிகள் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கத்தை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1993-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில், ஒரு சுரங்க வெடியிலிருந்து பறந்த கல், நெடுஞ்சாலையில் பெற்றோருடன் காரில் போய்க்கொண்டிருந்த 16 வயதுப் பிள்ளையின் உயிரைப் பறித்தது. நம் கொட்டகையில் மாடுகள் மேய்ச்சலுக்குப் போயிருந்தது தற்செயல். அதை அறிக்கையில் "சேதம்: இரண்டு ஷீட்" என்று மட்டும் எழுதி முடித்தால், என்ன நடந்திருக்கலாம் என்பது பதிவாகாமலே போகும்.

அடைப்புக்கும் ஒரு சொல். துளைத்தூள் கையில் கிடைப்பதால் அதையே போட்டு அடைக்கிறார்கள். மாவுபோன்ற தூள் வாயுவின் அழுத்தத்தில் வழுக்கி வெளியேறிவிடும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள, முனை கூர்ந்த கிரஷர் சிப்ஸ், அழுத்தம் வந்ததும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு குழிச்சுவரில் இறுகும். கிரஷர் வைத்திருக்கும் குவாரியில் சிப்ஸுக்குப் பஞ்சமில்லை. குடியிருப்பு அருகில் என்றால் குழிகளின் மேல் கம்பிவலையும் மணல்மூட்டையும் போட்டு மூட வேண்டும். ஆனால் இந்த மூடாப்பு மேலே கிளம்பும் கல்லைத்தான் தடுக்கும். நம் ஏழாவது குழிபோல முகப்பிலிருந்து பக்கவாட்டில் கிளம்பும் கல்லை அது தொடவே தொடாது. மூட்டை போட்டோம், பிறகும் கல் பறந்தது என்று வியப்பவர்கள் இதை யோசிப்பதில்லை.

முகப்பு எந்தத் திசையைப் பார்க்கிறதோ அந்தத் திசையில்தான் அது எறியும். இந்தக் குவாரியின் முகப்பு கொட்டகையைப் பார்த்தபடி இருக்கிறது. பெஞ்சைத் திருப்பி, கரடு இருக்கும் பக்கம் முகப்பைக் கொண்டுவந்தால் ஆபத்து பெருமளவு குறையும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் இந்த முகப்பில் வெடிக்கும்போது 500 மீட்டருக்கு ஆட்களை விலக்குவது என்று மேலாளர் தேதியிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வட்டத்துக்குள் கொட்டகையும் வந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு வெடிக்கும் முந்தின நாளே மேற்பார்வையாளர் போய் நேரத்தைச் சொல்லி, மாடுகளை அவிழ்த்து அப்பால் கட்ட ஓர் ஆளையும் அனுப்ப வேண்டும். அதை யார், எந்தத் தேதியில், எத்தனை மணிக்குச் சொன்னார்கள் என்பதற்கு அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, கொட்டகைக்காரரின் கையெழுத்துக்கும் இடம் விட்டு, நகல் ஒன்றை அவரிடமே கொடுத்துவிடலாம்.